ஸ்டாரும் ஆம்பர்சண்டும்: பாராமீட்டர் கேள்வியை ட்ரேஸ் செய்வது எப்படி

எட்டு மதிப்பெண் கேள்வி. எனக்குக் கிடைத்தது ஒன்று. ரிசல்ட் வந்ததும் நம்ப முடியாமல், விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி வாங்கிப் பார்த்தேன். கூட்டல் கழித்தலில் ஒரு பிழைகூட இல்லை. அவுட்புட் `3 10` என்று எழுதியிருந்தேன், அது `3 18` ஆக இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு தாளால் அரியர், அரியரால் இன்னொரு முறை பரீட்சைக் கட்டணம், அதற்காக இன்னொரு ஆறு மாதம். இரண்டாவது முறை உட்கார்ந்தபோது இதே மாதிரிக் கேள்விக்கு ஒரு வழிமுறை வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கேள்வி ஏறக்குறைய இப்படி இருந்தது. எண்களை மட்டும் நினைவிலிருந்து போட்டிருக்கிறேன்.

```cpp
#include <iostream>
using namespace std;

void f(int a, int *p, int &r) {
    a = a + 1;
    *p = *p + a;
    r = r * 2;
    p = &a;
    *p = 50;
}

int main() {
    int x = 3, y = 5;
    f(x, &y, y);
    cout << x << " " << y;
}
```

கீழே படிப்பதற்கு முன் ஒரு தாளில் உங்கள் விடையை எழுதி வைத்துவிடுங்கள். தப்பாக இருந்தால் எந்த இடத்தில் தடம் மாறினீர்கள் என்று பிறகு தெரியும்.

1. முதலில் மொழியைப் பாருங்கள்

சி மொழியில் கால் பை ரெஃபரன்ஸ் கிடையாது. அங்கே எல்லா பாராமீட்டரும் கால் பை வேல்யூதான். பாயிண்டரை அனுப்பும்போதும் அனுப்பப்படுவது ஒரு மதிப்புதான். அந்த மதிப்பு ஒரு முகவரியாக இருக்கிறது, அவ்வளவே. பல கைடு புத்தகங்கள் "சி-யில் பாயிண்டர் அனுப்பினால் அது கால் பை ரெஃபரன்ஸ்" என்று எழுதிவிடுகின்றன. இரண்டு மதிப்பெண் கேள்வியில் அப்படி எழுதினால் சிலர் மதிப்பெண் போடுவார்கள், கறாரானவர் வெட்டிவிடுவார். "முகவரி மதிப்பு வழியாகப் போகிறது, அந்த முகவரியை வைத்து அழைத்தவரின் வேரியபிளை மாற்ற முடிகிறது" என்று எழுதினால் யாரும் வெட்ட முடியாது.

தலைவரியில் `int &r` என்று இருந்தால் அது சி++. இதையே சி கம்பைலரில் கொடுத்தால் `&` வந்த இடத்திலேயே பிழை காட்டி நின்றுவிடும்.

மூன்றாவது வகையும் உண்டு. மொழியே இல்லாத போலி நிரல், மேலே ஒரு வரியில் "பாராமீட்டர்கள் ரெஃபரன்ஸ் முறையில் அனுப்பப்படுவதாகக் கொள்க" என்று போட்டிருப்பார்கள். அந்த வரிதான் கேள்வியே. நிரலுக்குள் ஸ்டாரும் இருக்காது, ஆம்பர்சண்டும் இருக்காது. அவசரத்தில் அதைத் தாண்டிப் போய் நிரலைப் பிடித்துக்கொண்டால் முழுக் கணக்கும் வீண்.

2. அழைக்கும் வரியை நம்பாதீர்கள், தலைவரியைப் படியுங்கள்

`f(x, &y, y)` என்ற வரியைப் பாருங்கள். முதலில் உள்ள `x`-உம் கடைசியில் உள்ள `y`-உம் ஒரே மாதிரிதான் தெரிகின்றன. ஒன்று நகலாகப் போகிறது, மற்றது அப்படியே கைக்கு வருகிறது என்று இந்த வரியை வைத்துச் சொல்லவே முடியாது. ஃபங்ஷனின் தலைவரியில்தான் விஷயம் இருக்கிறது. `int a` என்றால் நகல். `int *p` என்றால் முகவரியின் நகல். `int &r` என்றால் அழைத்தவரின் வேரியபிளுக்கே இன்னொரு பெயர்.

என்னைக் கவிழ்த்தது `&` குறிதான். ஒரே குறிக்கு இரண்டு வேலை. அறிவிப்பில், அதாவது `int`-க்குப் பக்கத்தில் வந்தால், அது ரெஃபரன்ஸ். மற்ற இடத்தில் வேரியபிள் பெயருக்கு முன்னால் வந்தால், அதன் முகவரியைக் கொடு என்று பொருள். ஆக `&y` என்று அழைக்கும் வரியில் இருந்தால் அங்கே ரெஃபரன்ஸ் எதுவும் இல்லை. முகவரி போகிறது, அதை வாங்கப் பாயிண்டர் காத்திருக்கிறது. ஸ்டாரும் இப்படித்தான். `int *p` என்ற அறிவிப்பில் "இது பாயிண்டர்" என்று சொல்கிறது. `*p = 50` என்ற வரியிலோ "அந்த முகவரிக்குப் போ" என்கிறது.

பரீட்சையில் நான் செய்வது: தலைவரியில் ஒவ்வொரு பாராமீட்டருக்கும் மேலே பென்சிலால் ஒரு எழுத்து. நகலுக்கு "ந", முகவரிக்கு "மு", இன்னொரு பெயருக்கு "பெ". பத்து விநாடி வேலை.

3. பெட்டி வரையுங்கள்

மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டால் மூன்றாவது வரியில் குழம்பும். ரஃப் இடத்தில் `main`-க்கு ஒரு வரிசை, `f`-க்கு ஒரு வரிசை. முகவரிகளை நீங்களே கற்பனையாக வைத்துக்கொள்ளலாம், 100, 104 என்று எதுவானாலும் சரி.

```
main:  x [100] = 3    y [104] = 5
f:     a [200] = 3    p [208] = 104
       r = y
```

இதில் கவனிக்க வேண்டியது `r`. அதற்குப் பெட்டி போடவில்லை. `y`-இன் பெட்டிக்கு மேலேயே `r` என்று இரண்டாவது பெயராக எழுதிவிட்டால் இன்னும் நல்லது. ஒரே வீட்டுக்கு இரண்டு பெயர்ப் பலகை மாட்டிய மாதிரி. கம்பைலர் உள்ளுக்குள் ரெஃபரன்ஸை முகவரியாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் ட்ரேஸ் செய்ய அது நமக்குத் தேவையில்லை.

`p`-க்குப் பெட்டி உண்டு. அதற்குள் இருப்பது 5 இல்லை, 104. இந்தப் பெட்டி `f`-க்குச் சொந்தமானது. `f` முடிந்ததும் `a`-வோடு சேர்ந்து இதுவும் போய்விடும்.

நான் முதல் தடவை `r`-க்கும் ஒரு பெட்டி போட்டு அதில் 5 என்று எழுதினேன். ஏழு மதிப்பெண் போனது அந்தப் பெட்டியில்தான்.

4. வரி வரியாக நடத்துங்கள்

`a = a + 1;` என்பதில் `a` 3-இலிருந்து 4 ஆகிறது. `x` எங்கேயோ தனியாக 3 ஆகவே இருக்கிறது. இனிமேல் இந்த ஃபங்ஷனில் `x`-ஐத் தொட யாருக்கும் வழியில்லை, அதன் முகவரியும் வரவில்லை, பெயரும் வரவில்லை. ஆகவே `x`-இன் விடை இப்போதே முடிந்துவிட்டது.

`*p = *p + a;` என்றால் 104-க்குப் போ, அங்கே இருக்கும் 5-உடன் 4-ஐக் கூட்டி 9 ஆக அங்கேயே வை. `y` 9.

`r = r * 2;` இங்கேதான் பொறி. `r`-இன் மதிப்பு என்ன? ஃபங்ஷன் தொடங்கும்போது 5 இருந்தது, ஆனால் இப்போது அந்தப் பெட்டியில் 9 இருக்கிறது. முந்தைய வரி பாயிண்டர் வழியாக அதை மாற்றிவிட்டது. ஆக 9 பெருக்கல் 2, `y` 18.

`p = &a;` ஸ்டார் இல்லாமல் `p` என்று வருகிறது. மாறுவது `p`-இன் பெட்டிக்குள் இருக்கும் முகவரி. 104-ஐ அடித்துவிட்டு 200 எழுதுங்கள். `main`-இல் எதுவும் அசையவில்லை.

`*p = 50;` 200-க்குப் போய் 50 வைக்கிறது. `a` 50 ஆகிறது, உடனே ஃபங்ஷன் முடிந்து `a` காணாமல் போகிறது. இந்த 50-ஐ நம்பி `y`-க்கு 50 போட்டவர்கள் எங்கள் வகுப்பில் நிறைய பேர். பெட்டிக்குள் 104-ஐ அடித்து 200 என்று எழுதியிருந்தால் அந்தத் தவறு வராது.

அவுட்புட் `3 18`.

5. பாயிண்டரை மாற்றுவது வேறு, அது காட்டும் இடத்தை மாற்றுவது வேறு

கேள்வி அமைப்பவர்களுக்கு மிகவும் பிடித்த இடம் இது. கீழே இருப்பதை `swap(&x, &y)` என்று அழைத்தால் என்ன ஆகும்?

```c
void swap(int *p, int *q) {
    int *t = p;
    p = q;
    q = t;
}
```

ஒன்றும் ஆகாது. இரண்டு முகவரிகளின் நகல்கள் வந்தன, அந்த நகல்கள் தங்களுக்குள் இடம் மாறிக்கொண்டன, ஃபங்ஷனோடு சேர்ந்து அழிந்தன. உடலுக்குள் ஒரு வரியில்கூட `*p =` என்றோ `*q =` என்றோ இல்லை என்பதைப் பார்த்தாலே போதும். மேலே `int *t` என்பதில் உள்ள ஸ்டார் அறிவிப்புக்கானது, அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இதன் சின்னத் தம்பி `*p++;`. பார்ப்பதற்கு, அங்கே இருக்கும் மதிப்பை ஒன்று கூட்டுவது போலத் தெரியும். `++` முதலில் `p`-யைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் பாயிண்டர்தான் அடுத்த இடத்துக்கு நகர்கிறது. மதிப்பு அப்படியே இருக்கும். மதிப்பைக் கூட்ட `(*p)++` என்று அடைப்புக்குறி வேண்டும். அடைப்பு இருக்கிறதா என்று கண்ணை வைத்துப் பாருங்கள், அச்சில் சட்டென்று தெரியாது.

கொஞ்சம் பெரிய கேள்வியாக வந்தால் இப்படி வரும்:

```c
void make(int *p) {
    p = malloc(sizeof(int));
    *p = 7;
}

int main(void) {
    int *q = NULL;
    make(q);
    printf("%d", *q);
}
```

விடை 7 என்று எழுதத் தோன்றும். `q`-வின் மதிப்பு `NULL`, அதன் நகல் `p`-க்குப் போனது. `malloc` கொடுத்த முகவரி `p`-யின் பெட்டியில் விழுந்தது. `q` இன்னும் `NULL`. அதை ஸ்டார் போட்டுப் படித்தால் என்ன நடக்கும் என்று மொழி எந்த உறுதியும் தருவதில்லை, சாதாரண கணினியில் நிரல் அங்கேயே விழுந்துவிடும். அதோடு `malloc` வாங்கிய இடத்தின் முகவரி யாரிடமும் இல்லாததால் அந்த மெமரியைத் திருப்பித் தரவும் முடியாது. "எப்படிச் சரி செய்வீர்கள்?" என்று அடுத்த பகுதி நிச்சயம் இருக்கும். `int **p` என்று வாங்கி, உள்ளே `*p = malloc(sizeof(int)); **p = 7;` என்று எழுதி, `make(&q)` என்று அழைக்க வேண்டும். சி++ ஆனால் `int *&p` என்றும் வாங்கலாம், அங்கே `malloc`-க்கு முன்னால் `(int *)` என்று சேர்க்கவும் வேண்டும்.

எனக்கு இதை மனதில் வைக்க ஒரு கணக்கு உதவியது. எதை மாற்ற வேண்டுமோ அதன் முகவரி போக வேண்டும். `int` மாற வேண்டும் என்றால் `int`-இன் முகவரி, `int *` மாற வேண்டும் என்றால் `int *`-இன் முகவரி.

6. ஒரே வேரியபிள் இரண்டு வழியாக உள்ளே போகிறதா?

நம் கேள்வியில் `y` இரண்டு வழியாகப் போனது, `&y` என்று ஒரு தடவை, `y` என்று ஒரு தடவை. அழைக்கும் வரியில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தாலே ஜாக்கிரதையாகிவிடுங்கள். ரெஃபரன்ஸில் ஒரு பெயர் வழியாகச் செய்த மாற்றம் அடுத்த பெயரிலும் உடனே தெரியும்.

மூன்றாவது வேரியபிள் இல்லாத `swap` கேள்வியில் இதை வைத்து அழகாக மாட்டிவிடுவார்கள்:

```cpp
void swap(int &a, int &b) {
    a = a + b;
    b = a - b;
    a = a - b;
}
```

`x` 7 என்று வைத்து `swap(x, x)` அழைத்தால், தன்னோடு தானே மாறிக்கொள்வதால் 7 ஆகவே இருக்கும் என்று நினைப்போம். இரண்டு பெயரும் ஒரே பெட்டி. முதல் வரியில் 14. இரண்டாவது வரியில் 14 கழித்தல் 14, பூஜ்யம். மூன்றாவதில் பூஜ்யம் கழித்தல் பூஜ்யம். விடை 0.

சரி, என் `3 10`-க்கு வருகிறேன். அது முழுக்க அபத்தமான விடை இல்லை என்று அரியருக்குப் படிக்கும்போதுதான் தெரிந்தது. கால் பை வேல்யூ ரிசல்ட் என்று ஒரு முறை இருக்கிறது. உள்ளே போகும்போது நகல் எடுத்துக்கொள்ளும், வெளியே வரும்போது அந்த நகலின் கடைசி மதிப்பை அழைத்தவரின் வேரியபிளில் எழுதிவிடும். ஏடா மொழியில் `in out` என்று அறிவித்த முழு எண் பாராமீட்டர்கள் இப்படித்தான் நடக்கின்றன. நம் நிரலில் `r` அந்த முறையில் இருந்தால், அதற்குச் சொந்தப் பெட்டி, அதில் 5. பாயிண்டர் வழியாக `y` 9 ஆனது `r`-க்குத் தெரியாது. `r` 10 ஆகும், திரும்பும்போது `y`-யின் 9-ஐ அழித்துவிட்டு 10 உட்காரும். அதாவது கேட்காத கேள்விக்குச் சரியான விடை எழுதியிருக்கிறேன்.

"இரண்டு முறையிலும் அவுட்புட் என்ன, ஏன் வேறுபடுகிறது?" என்று கேட்டால் காரணம் எப்போதும் இதுதான்: ஒரே பெட்டியை இரண்டு வழியாக அணுகுவது. அப்படி இல்லாத சாதாரண நிரலில் இரண்டு முறையும் ஒரே விடையைத்தான் தரும்.

7. நேரமும் விடைத்தாளும்

எட்டு மதிப்பெண்ணுக்குப் பன்னிரண்டு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். மொழி பார்ப்பது, தலைவரி, பெட்டி எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். ட்ரேஸ் ஐந்து நிமிடம். மீதி எழுதுவதற்கு. பெட்டி வரைய நேரமில்லை என்று தோன்றினால் அன்றைக்குத்தான் கட்டாயம் வரைய வேண்டும்.

பெட்டிகளை ரஃப் பக்கத்தில் விட்டுவிடாதீர்கள். விடையிலேயே வரைந்து, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் மாறிய மதிப்பை ஒரு அட்டவணையாகக் காட்டுங்கள். கடைசி எண் தப்பினாலும் படிகளுக்கு மதிப்பெண் விழ வாய்ப்பு இருக்கிறது. என் பழைய தாளில் அவுட்புட்டைத் தவிர ஒரு வரி விளக்கம்தான் இருந்தது. திருத்துபவர் எதற்கு மதிப்பெண் போடுவார்?

அவுட்புட்டைத் தனி வரியில், நிரல் அச்சிடுவது போலவே எழுதுங்கள். `" "` இருக்கும் இடத்தில் இடைவெளி, கமா இல்லை. அதன் கீழே ஒரு வேரியபிளுக்கு ஒரு வாக்கியம்: "`x` நகலாகப் போனதால் மாறவில்லை" என்கிற அளவில் போதும்.

8. வீட்டில் சரிபார்க்க

மேலே உள்ள நிரலை `q.cpp` என்று சேமித்து ஓட்டுங்கள்.

```
g++ -Wall -Wextra q.cpp -o q && ./q
```

ஃபங்ஷனுக்குள் `&a`, `p`, `&r` மூன்றையும் அச்சிட்டு, `main`-இல் `&x`, `&y` இரண்டையும் அச்சிட்டுப் பாருங்கள். ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே அச்சிட வேண்டும், `p = &a` வந்த பிறகு `p` வேறு எண்ணைக் காட்டும். `&r`-உம் `&y`-உம் ஒரே எண்ணாக வரும். `p`-யின் மதிப்பும் அதே எண். `&a` மட்டும் தனியாக நிற்கும். `r`-க்குப் பெட்டி போடக் கூடாது என்பதை நான் கடைசியில் நம்பியது இந்த எண்களைப் பார்த்துத்தான்.

பிறகு அழைக்கும் வரியை மட்டும் மாற்றி, ஒவ்வொரு தடவையும் `x` 3, `y` 5 என்றே தொடங்கி, ஓட்டுவதற்கு முன் கையால் செய்யுங்கள். `f(x, &x, y)` என்றால் `7 10`. `f(x, &x, x)` என்றால் `14 5`. `f(y, &x, y)` என்றால் `9 10`. `f(y, &y, y)` என்றால் `3 22`. `f(x, &y, 5)` என்று கொடுத்தால் கம்பைலரே ஏற்காது, ஏனென்றால் வெறும் 5-க்கு இன்னொரு பெயர் வைக்க அங்கே வேரியபிள் எதுவும் இல்லை. கடைசியாகச் சொன்னது அப்படியே இரண்டு மதிப்பெண் கேள்வியாக என் அரியர் தாளில் வந்தது.